ஒழுங்கற்ற தேதி முதலீடுகளுக்கு எக்ஸ்ஐஆர்ஆர்

எக்செல் போன்ற விரிதாளில் முதலீட்டின் வருவாய் விகிதத்தைத் தரும் வழக்கமான ஐஆர்ஆர் கணக்கீடு தேதிகளைப் பார்ப்பதே இல்லை. அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே சம கால இடைவெளி இருப்பதாக எடுத்துக்கொண்டு, அந்த ஓர் இடைவெளிக்கான விகிதத்தையே தருகிறது. எக்ஸ்ஐஆர்ஆர், ஒவ்வொரு தொகைக்கும் முதல் தேதியிலிருந்து கடந்த நாட்களை 365ஆல் வகுத்து, ஆண்டு விகிதத்தைக் கணக்கிடுகிறது.

2023 ஜனவரி 1 அன்று 10,000, டிசம்பர் 1 அன்று மேலும் 10,000 முதலீடு செய்து, 2024 ஜனவரி 1 அன்று 22,000 கிடைத்ததாகக் கொள்வோம். A பத்தியில் தேதிகளையும், B பத்தியில் முதலீடுகளைக் கழித்தல் குறியுடனும் பெற்ற தொகையைக் குறியின்றியும் இடுங்கள்.

```
=IRR(B1:B3)
=XIRR(B1:B3,A1:A3)
```

முதலாவது ஏறத்தாழ 6.5% என்றும், இரண்டாவது 18.5% என்றும் காட்டும். முதலாவது ஓர் இடைவெளிக்கான விகிதம், இரண்டாவது ஆண்டு விகிதம் என்பதும், இரண்டாவது தொகை 31 நாட்களே முதலீட்டில் இருந்தது என்பதை ஐஆர்ஆர் அறியாததும் இந்தப் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம்.

எல்லாத் தொகைகளும் ஒரே குறியில் இருந்தால் #NUM! என்ற பிழை வரும். சில வாரங்களே ஆன முதலீட்டின் சிறு லாபத்தையும் எக்ஸ்ஐஆர்ஆர் முழு ஆண்டுக்கு விரித்துக் காட்டுவதால், ஓராண்டு நிறையும் வரை அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பேன்.