வாய்க்கால் ஓர வீதிக்குக் கேபியன் சுவர்

வன்னியில் எங்கள் ஊர்க் குளத்து வாய்க்காலை ஒட்டிய வீதியோரம் மாரிதோறும் சரிந்தது. அடியில் இளகும் களிமண். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும் கிரிப் சுவர் அடித்தளம் சீரற்று இறங்கினால் மூட்டுகளில் வெடித்துவிடும். கம்பிவலைக் கூடையில் கருங்கல் நிரப்பும் கேபியன் வளைந்து கொடுக்கும். ஆகவே அதையே எடுத்தேன்.

உயரம் 2 மீட்டர். முதல் வரைபடத்தில் கீழ்க்கூடை 1.5 மீட்டர் அகலம், மேல்கூடை 1 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு மண்ணும் டிப்பர் பாரமும் சேர்ந்து தள்ளும் விசை ஏறத்தாழ 18.7 கிலோ நியூட்டன். சுவரின் எடை 42.5. கவிழ்தலுக்கான பாதுகாப்புக் காரணி, அதாவது சுவரின் எதிர்ப்பு தள்ளலைப் போல் எத்தனை மடங்கு என்பது, 2.4, போதுமானது. வழுக்கலுக்கோ, உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், 1.14 மட்டுமே, குறைந்தது 1.5 வேண்டும். தாழ்ந்த சுவர்கள் பெரும்பாலும் கவிழ்வதில்லை, வழுக்கித்தான் போகின்றன. அகலங்களை 2, 1.5 மீட்டராக்கினேன், எடை 59.5, காரணி 1.59.

இக்கணக்கில் நீரழுத்தம் இல்லை. சுவரின் பின்னால் நீர் முழு உயரத்துக்குத் தேங்கினால் அது மட்டுமே 20 கிலோ நியூட்டன் தள்ளும்! அதனால் கூடைகளின் முதுகில் வடிதுணி விரித்து, அதையொட்டிச் சரளை நிரப்பினோம். துணியில்லாவிட்டால் நுண்மண் கல்லிடுக்கு வழியே கழுவுண்டு போய் வீதி குழிவிழும். மழைக்குப் பின் முகப்பில் கலங்கல் நீர் கசிகிறதா, கீழ்க்கூடை வயிறு தள்ளுகிறதா என்று பார்க்கிறேன்.