வரிச்சுருளுக்கு வெளியே புலம் சுழி: விடை சரி, காரணம்தான் தப்பு

நீளமான வரிச்சுருளுக்கு வெளியே காந்தப்புலம் ஏன் கிட்டத்தட்ட சுழி என்று கேட்டால், "அடுத்தடுத்த சுற்றுகளின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் அது உண்மைதான். ஆனால் நாம் கேட்டது இடுக்கைப் பற்றி அல்ல. சுருளின் சுவருக்கு மேலே, வெளிப்பக்கமாக நின்று பாருங்கள். அடுத்தடுத்த கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில்தான் போகிறது. அதனால் அங்கே அவற்றின் புலங்கள் கூடுமே தவிர அழியாது. அழிப்பது பக்கத்துக் கம்பி அல்ல, எதிர்ச்சுவர்.

இதை எண்களோடு பார்த்துவிடலாம். ஒரு குழாயின் மேல் ஒரே அடுக்காகக் கம்பி சுற்றியிருக்கிறோம். நீளம் 20 செ.மீ., ஆரம் 2 செ.மீ., மொத்தம் 400 சுற்று, மின்னோட்டம் 2 ஆம்பியர். மீட்டருக்கு 2000 சுற்று வருகிறது. பாடத்தில் வரும் சூத்திரம்:

B = μ₀nI

இதில் n என்பது மீட்டருக்கு எத்தனை சுற்று என்பது. மொத்தச் சுற்றான 400-ஐ அப்படியே போட்டுவிடுவது மிகப் பழைய தப்பு, அதை விட்டுத் தள்ளுவோம். கணக்குப் போட்டால் 5.03 மில்லிடெஸ்லா. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதையே பங்கு பிரிக்கப் போகிறோம்.

இப்போது வெளிச்சுவரை ஒட்டி, நீளவாக்கில் நடுவில் ஒரு புள்ளி. உங்கள் கண் அந்தப் புள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சுருளின் குறுக்குவெட்டு வட்டத்தைப் பாருங்கள். கண்ணிலிருந்து மெல்லிய ஆப்பு வடிவத்தில் ஒரு கோணத்தை வரைந்தால், அது முதலில் பக்கத்துச் சுவரை வெட்டும், அப்புறம் எதிர்ச்சுவரை வெட்டும். பக்கத்தில் வெட்டுப்படும் துண்டு குறுகியது, ஆனால் கிட்டே இருக்கிறது. எதிர்ப்பக்கம் வெட்டுப்படும் துண்டு அகலமானது, ஆனால் தள்ளி இருக்கிறது. "கிட்டே இருப்பதுதானே ஜெயிக்க வேண்டும், எப்படிச் சரியாக அழியும்?" என்ற சந்தேகம் இங்கேதான் எழுகிறது. நியாயமான சந்தேகம்.

அந்தத் துண்டை நீளவாக்கில் முடிவில்லாமல் ஓடும் ஒரு பட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். பயட்–சாவர்ட் விதிப்படி ஒரு சிறு மின்னோட்டத் துண்டின் புலம் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பட்டை முழுவதையும் கூட்டினால் குறைவு மெதுவாகிறது: தொலைவு இரட்டிப்பானால் புலம் பாதி, அவ்வளவுதான். அதே ஆப்புக்குள் தொலைவு இரட்டிப்பானால் பட்டையின் அகலமும் இரட்டிப்பாகிறது. பட்டை சாய்வாக இருந்தாலும் பரவாயில்லை, பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே எவ்வளவு தெரிகிறதோ அதுதான் கணக்கு. ஆகவே ஒரு பட்டை தரும் புலத்தைத் தீர்மானிப்பது, அது நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பது மட்டுமே:

dB = (μ₀nI / 2π) dφ

ஒரே ஆப்பில் இரண்டு சுவரும் ஒரே கோணத்தைத்தான் அடைக்கின்றன. ஆனால் மின்னோட்டம் ஒன்றில் இடமிருந்து வலமாக, மற்றதில் வலமிருந்து இடமாக ஓடுகிறது. கழித்தால் சுழி. ஒவ்வொரு ஆப்பிலும் இதேதான், மிச்சம் எதுவும் இல்லை. சுருளுக்கு உள்ளே போய் நின்றாலோ, சுவர் உங்களைச் சுற்றி முழு 2π கோணத்தையும் அடைக்கிறது. எல்லாப் பட்டையும் ஒரே திசையில் கூட்டுகிறது. அதனால்தான் உள்ளே எங்கே நின்றாலும் அதே μ₀nI. ஆரம் சூத்திரத்தில் வராததற்கும், குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தாலும் விடை மாறாததற்கும் இதுவே காரணம். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தை இதைவிட நேராகச் சொல்லும் வழி இல்லை.

வெளிச்சுவரை ஒட்டிய புள்ளிக்குத் திரும்புவோம். அங்கே நம் மூக்குக்கு நேரே உள்ள சுவர்த்துண்டு ஏறக்குறைய π கோணத்தை அடைக்கிறது. அது மட்டும் தரும் புலம் 5.03-இல் பாதி, 2.51 மில்லிடெஸ்லா. மீதிச் சுவர் முழுவதும் சேர்ந்து எதிர்த்திசையில் இன்னொரு 2.51 தருகிறது. அதாவது வெளியே புலம் இல்லை என்பது அங்கே எதுவும் எட்டவில்லை என்பதல்ல. இரண்டு பெரிய எண்கள் மோதிக்கொள்கின்றன. சுவரைத் தாண்டி உள்ளே கால் வைத்தால், கிட்டே உள்ள துண்டின் புலம் மட்டும் திசை திரும்பும். 2.51-ம் 2.51-ம் கூடி 5.03 ஆகிவிடும்.

அடுத்த தப்பு ஆம்பியர் விதியில். "சுருளுக்கு வெளியே ஒரு செவ்வகம் வரைகிறேன், அதற்குள் மின்னோட்டம் இல்லை, ஆகவே புலம் சுழி" என்று எழுதுவார்கள். இது நிரூபணமே இல்லை. அந்தச் செவ்வகத்தை ஒரு சட்டக் காந்தத்துக்குப் பக்கத்தில் வரைந்தாலும் உள்ளே மின்னோட்டம் இருக்காது, ஆனால் புலம் இருக்கும். ஆம்பியர் விதி சொல்வது, வளையத்தைச் சுற்றிக் கூட்டினால் மொத்தம் சுழி என்பதை மட்டும்தான். முடிவில்லாத சுருளுக்கு வெளியே செவ்வகம் வரைந்தால், அச்சுக்கு இணையான இரண்டு பக்கங்களிலும் புலம் சமம் என்பது கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. வெளியே எல்லா இடத்திலும் ஒரே அளவு புலம் இருந்தாலும் அந்த விதிக்கு ஆட்சேபம் இல்லை. மிகத் தொலைவில் புலம் சுழியாகிறது என்று தனியாகக் காட்டினால்தான் கணக்கு முடியும். நம் ஆப்பு அதைக் காட்டிவிடுகிறது: தொலைவில் போகப் போக இரண்டு சுவரும் அடைக்கும் கோணமே சிறுத்துப் போகிறது.

சரி, இதுவரை சுருள் முடிவில்லாதது. நம் 20 செ.மீ. சுருளில் என்ன ஆகிறது? அச்சின்மேல் சரியான சூத்திரம் இது (x என்பது நடுவிலிருந்து தொலைவு, L நீளம், R ஆரம்):

B = (μ₀nI / 2) [ (x + L/2)/√((x + L/2)² + R²) − (x − L/2)/√((x − L/2)² + R²) ]

நடுவில் 4.93 மில்லிடெஸ்லா வருகிறது, 5.03-க்கு 2 சதவீதம் குறைவு. முனையிலிருந்து 2 செ.மீ. உள்ளே 4.28. சரியாக முனையில் 2.50. முனையைத் தாண்டி 2 செ.மீ. வெளியே 0.73. பத்து செ.மீ. தள்ளி 0.043. முனையிலும் μ₀nI என்றே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அங்கே ஏன் பாதி என்பதற்குச் சூத்திரமே வேண்டாம். இதே போன்ற இன்னொரு சுருளை முனையோடு முனை ஒட்டினால், ஒட்டிய இடம் நீளச் சுருளின் நடுவாகிவிடும், அங்கே முழுப் புலம் இருக்கும். இரண்டு சுருளுக்கும் சம பங்கு, ஆகவே ஒன்றின் பங்கு பாதி.

இங்கே "வெளியே" என்ற சொல்லே ஏமாற்றுகிறது. முனைக்கு எதிரே நிற்பதும் வெளியேதான், பக்கவாட்டில் நிற்பதும் வெளியேதான். முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி 0.73 மில்லிடெஸ்லா இருக்கிறது, அதைச் சுழி என்று யாரும் சொல்ல முடியாது. பாடம் சொல்வது பக்கவாட்டை, அதிலும் முனைகளைவிட்டுத் தள்ளி நடுப்பகுதியை. அங்கே சுவரிலிருந்து 1 செ.மீ. வெளியே கணக்கிட்டால் சுமார் 0.086 மில்லிடெஸ்லா, உள்ளே இருப்பதற்கு எதிர்த்திசையில். நடுப்புலத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. சுவரை ஒட்டியே பார்த்தால் சுமார் 0.092. உள்ளே 4.93-ஐயும் வெளியே எதிர்த்திசையில் உள்ள இந்த 0.092-ஐயும் சேர்த்தால் திரும்பவும் ஏறக்குறைய 5.03-தான் வருகிறது. சுருளின் நீளம் குறைந்ததால் உள்ளே எவ்வளவு விட்டுப்போனதோ, ஏறக்குறைய அதே அளவு வெளியே எட்டிப் பார்க்கிறது. எதிர்ச்சுவர் முழுதாக ஈடுகொடுக்கவில்லை.

இந்த மிச்சம் எவ்வளவு என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. நீளச் சுருளுக்கு வெளியே, நடுவில், சுவரை ஒட்டி:

B ≈ μ₀nI × 2R²/L²

சுற்று நெருக்கத்தை மாற்றாமல் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வெளிப்புலம் கால் பங்காகிவிடும். நீளம் ஆரத்தைப் போல் பத்து மடங்கு என்றால் 2 சதவீதம், இருபது மடங்கு என்றால் அரை சதவீதம். "நீளமான சுருள்" என்பதற்கு எவ்வளவு நீளம் என்று கேட்டால், உங்களுக்கு எத்தனை சதவீதப் பிழை சம்மதம் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

"புலக்கோடுகள் மூடிய வளையங்கள்தானே, உள்ளே போகும் அத்தனையும் வெளியே திரும்பி வர வேண்டுமே, அப்புறம் எப்படிச் சுழி?" என்றும் சிலர் கேட்பதுண்டு. அத்தனையும் திரும்பி வருகிறது. உள்ளே 2 செ.மீ. ஆர வட்டத்துக்குள் நெருக்கியடித்துப் போன கோடுகள், வெளியே எல்லையில்லாத பரப்பில் பரவிக்கொண்டு திரும்புகின்றன. மொத்தக் காந்தப்பாயம் ஒன்றுதான், ஒரு சதுர செ.மீட்டருக்கு வரும் பங்குதான் குறைகிறது.

அளந்து பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பூமியின் புலம் இடத்துக்கேற்ப 0.025 முதல் 0.065 மில்லிடெஸ்லா வரை இருக்கும். நாம் தேடும் 0.086-க்கு அது பக்கத்திலேயே நிற்கிறது. ஹால் உணரியைச் சுவர் அருகே வைத்து, வந்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டால் சுருளையும் பூமியையும் கலந்து எழுதியிருப்பீர்கள். மின்னோட்டத்தை ஒரு திசையில் விட்டு அளந்து, உணரியை அசைக்காமல் திசையைத் திருப்பி இன்னொரு முறை அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். பூமியின் பங்கு கழிந்துபோகும்.

அப்படியும் உணரியைச் சுருளைச் சுற்றிவரும் திசையில் திருப்பி வைத்தால் ஒரு சிறு எண் நிற்கும். சுருள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இது போகாது. கம்பி வட்டம் வட்டமாக மட்டும் போகவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முன்னேறுகிறது. ஒரு முனையில் நுழைந்த 2 ஆம்பியர் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறதல்லவா? வெளியிலிருந்து பார்த்தால் அது அச்சு வழியே ஓடும் ஒரு நேர்க்கம்பி மாதிரிதான். அச்சிலிருந்து 3 செ.மீ. தொலைவில் அதன் புலம் சுமார் 0.013 மில்லிடெஸ்லா. அதே கம்பியை முனையில் திருப்பி, இரண்டாவது அடுக்காகச் சுற்றிக்கொண்டே தொடங்கிய முனைக்குக் கொண்டுவந்தால் இதுவும் அடங்கிவிடும்.