எச்சில் வழிகிறதா? மைலோ வேண்டாம்

எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர். இனிப்பு நீர்க்காரர். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் இன்னும் பசியாறவில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது: சட்டை வியர்வையில் ஊறியது, பேச்சு குழறியது, தலை சாய்ந்தது. பக்கத்து மேசைக்காரர் மைலோவை வாயில் ஊற்றப் போனார். நல்ல மனசுதான், ஆனால் விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கூப்பிட்டால் பதிலில்லை, எச்சில் கடைவாயில் வழிகிறது, அல்லது வலிப்பு வருகிறது என்றால் சீனித்தண்ணீர், தேன் எதுவும் வாயில் வேண்டாம். இன்சுலின் அறவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மோவாயைச் சற்று உயர்த்தி, 999-ஐ அழையுங்கள். மூச்சைக் கவனித்தபடி இருங்கள். நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்த வேண்டும்.

விழித்து, தாமே கோப்பையைப் பிடித்து விழுங்கினால் அப்போது மைலோ கொடுக்கலாம். ஆனாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்: சில மாத்திரைகளால் சர்க்கரை மறுபடியும் இறங்கும்.