துருக் கணக்கில் தவறும் இடங்கள்

துரு படிந்த இடத்தில்தான் இரும்பு கரைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உப்புநீரில் கொஞ்சம் பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து, தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் நிறங்கள் அங்கங்கே புள்ளிகளாகத் தெரியும். அப்புறம் நடுவில் நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் நிலைத்துவிடும். நீலம் Fe²⁺ வெளிவரும் இடம், அதாவது ஆனோடு. காற்று எளிதில் எட்டும் விளிம்பில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கி OH⁻ ஆகிறது, அது கேத்தோடு. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியில்தான் துரு வளையமாகப் படிகிறது. குழி விழுவதோ ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில். அதனால் பழைய தகட்டைச் சோதிக்கும்போது துருவைச் சுரண்டிப் பார்த்தால் மட்டும் போதாது. இடுக்குகளையும் பெயின்ட் உப்பிய இடத்தின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும்.

சரி, ஆனோடும் கேத்தோடும் சேர்ந்த இந்தச் செல்லின் மின்னழுத்தத்தைக் கணக்காகப் போடுவோம்.

```
Fe²⁺ + 2e⁻ → Fe            E° = −0.44 V
O₂ + 2H₂O + 4e⁻ → 4OH⁻     E° = +0.40 V
```

கேத்தோடு மதிப்பிலிருந்து ஆனோடு மதிப்பைக் கழித்தால் 0.40 − (−0.44) = 0.84 V. விடை 1.28 வந்தால், எலக்ட்ரான்களைச் சமப்படுத்தும்போது இரும்பின் மின்னழுத்தத்தையும் இரண்டால் பெருக்கிவிட்டீர்கள். வினையைப் பெருக்கலாம், மின்னழுத்தத்தைப் பெருக்கக் கூடாது. விடை −0.04 வந்தால், இரும்பின் குறியை மாற்றி எழுதிவிட்டு அதன் பிறகும் கழித்திருக்கிறீர்கள். அந்த விடைப்படி திட்ட நிலையில் இரும்பு துருவே பிடிக்காது!

அடுத்த தவறுதான் அதிகம் பார்க்கிறேன்: வித்தியாசத்தின் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திசையை விட்டுவிடுவது. துத்தநாகம் −0.76 V, வெள்ளீயம் −0.14 V. இரும்பிலிருந்து முன்னது 0.32, பின்னது 0.30 தள்ளி நிற்கிறது; கிட்டத்தட்ட ஒரே தூரம். ஆனால் பூச்சில் கீறல் விழுந்தால் விளைவு நேர் எதிர். துத்தநாகம் இரும்பைவிட எதிர்க்குறிப் பக்கம் இருப்பதால் அதுதான் கரைகிறது. கீறலில் தெரியும் இரும்பு கேத்தோடாக நின்று தப்பிக்கிறது. வெள்ளீயப் பூச்சில் இரும்பே ஆனோடு. பரந்த வெள்ளீயப் பரப்பு முழுவதும் கேத்தோடாகிவிடுவதால், அந்தச் சின்னக் கீறலில் வெறும் இரும்பைவிட வேகமாக அரிப்பு நடக்கும்.

அப்படியானால் −1.66 V உள்ள அலுமினியம் துத்தநாகத்தைவிட நன்றாகக் காக்க வேண்டுமே? சுத்த அலுமினியம் அப்படிச் செய்வதில்லை. அதன் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் கரைதலைத் தடுத்துவிடும். அதனால்தான் கடலில் பயன்படும் அலுமினிய ஆனோடுகளில் துத்தநாகமும் இண்டியமும் சேர்க்கிறார்கள். அட்டவணை மதிப்புகள் 25°C-இல், படலம் இல்லாத உலோகத்துக்கும் திட்டச் செறிவுள்ள கரைசலுக்கும் உரியவை. எந்தப் பக்கம் என்று சொல்லும், எவ்வளவு வேகம் என்று சொல்லாது.

கப்பலின் அடிப்பகுதியில் பொருத்திய துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுவதும் உண்டு. கட்டி இரும்போடு உலோகத் தொடர்பில் இருக்க வேண்டும், அதன் மேற்பரப்பு கடல்நீரில் படவும் வேண்டும். பல மாதம் கழித்துப் பார்க்கும்போது அது தேயாமல் புதிதாகவே இருந்தால், தொடர்பு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.