சதவீதங்களுக்குச் சராசரி எடுக்கும்போது நேரும் தவறுகள்

ஒரே தேர்வை மூன்று பிரிவு மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரிவில் 20 பேர் எழுதி 95% தேர்ச்சி. இரண்டாவதில் 50 பேர் எழுதி 80%. மூன்றாவதில் 130 பேர் எழுதி 60%. மொத்தத் தேர்ச்சி எவ்வளவு என்று கேட்டால், விரிதாளில் சதவீதங்கள் இருக்கும் நெடுவரிசைக்குக் கீழே AVERAGE போட்டு 78.33% என்று எழுதிவிடுகிறார்கள். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

தேறியவர்களைத் தலை எண்ணிப் பாருங்கள்: 19, 40, 78. மொத்தம் 137 பேர். எழுதியவர்கள் 200 பேர். உண்மையான தேர்ச்சி 68.5%தான். கிட்டத்தட்ட பத்துப் புள்ளிகள் எங்கிருந்தோ முளைத்திருக்கின்றன. 20 பேர் உள்ள பிரிவுக்கும் 130 பேர் உள்ள பிரிவுக்கும் AVERAGE ஒரே ஓட்டுரிமையைக் கொடுத்ததால் வந்த வினை இது. மூன்று பிரிவுகளிலும் ஒரே எண்ணிக்கையில் மாணவர்கள் இருந்திருந்தால் இரண்டு விடைகளும் ஒன்றாகவே வந்திருக்கும்.

தேறியவர்களின் எண்ணிக்கை கையில் இருந்தால், அதைக் கூட்டி, எழுதியவர்களின் கூட்டுத்தொகையால் வகுத்துவிடுங்கள். வேறு வித்தை எதுவும் தேவையில்லை. சதவீதமும் எழுதியோர் எண்ணிக்கையும் மட்டுமே கிடைக்கும்போதுதான், ஒவ்வொரு சதவீதத்துக்கும் அதன் பிரிவின் அளவையே எடையாகக் கொடுக்கும் எடையிட்ட சராசரி வேண்டியிருக்கிறது. எழுதியோர் எண்ணிக்கை B நெடுவரிசையிலும் சதவீதம் C நெடுவரிசையிலும் இருந்தால் சூத்திரம் இது:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(B2:B4)
```

SUMPRODUCT ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு எண்களையும் பெருக்கி, விடைகளைக் கூட்டுகிறது. 20-ஐ 95%-ஆல் பெருக்கினால் 19; அப்படியே 40, 78. கூட்டினால் 137. அதை 200-ஆல் வகுத்தால் 68.5%. சதவீதத்துக்குள் ஒளிந்திருந்த தலைகளை மீட்டெடுப்பதைத் தவிர இந்தச் சூத்திரம் வேறொன்றும் செய்வதில்லை. வகுத்தலை மறந்தால் 137 என்ற எண் 13700% என்று வந்து நிற்கும். அந்தத் தவறு தானே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

கத்தாத தவறுகள்தான் ஆபத்தானவை. அவற்றுள் முதலாவது, எடையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. கையில் தேறியவர்களின் எண்ணிக்கை இருக்கிறதே என்று அதையே எடையாகப் போட்டால் 70.69% வரும். 68.5-க்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எடையாக இருக்க வேண்டியது, அந்தச் சதவீதம் எதனால் வகுத்துக் கிடைத்ததோ அந்த எண். அதாவது பின்னத்தின் பகுதி. தேர்ச்சி சதவீதத்துக்கு எழுதியவர்கள். விற்பனையில் இலாபம் எத்தனை சதவீதம் என்றால் விற்பனைத் தொகை, இலாபத் தொகை அன்று. இந்த ஒன்றை முடிவு செய்யாமல் சூத்திரத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது, காலியான கட்டங்கள். நான்காவதாக 50 பேர் உள்ள ஒரு பிரிவு சேர்கிறது. அதற்கு முடிவு இன்னும் வரவில்லை, C5 காலி. AVERAGE காலிக் கட்டத்தை விட்டுவிடும். SUMPRODUCT அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். மேலே 137 மாறாமல் நிற்க, கீழே SUM மட்டும் 250 ஆகிவிடும், விடை 54.8%. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எடைகள் எதிர்மறையாக இல்லாதவரை, எடையிட்ட சராசரி பட்டியலில் உள்ள மிகச் சிறிய சதவீதத்துக்குக் கீழே போகவே முடியாது. மிகப் பெரியதைத் தாண்டவும் முடியாது. இங்கே சிறியது 60%. எனவே 54.8 தவறு என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். முடிவு வந்த பிரிவுகளின் எடைகளை மட்டும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் சரியாகிவிடும்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUMPRODUCT(B2:B5,--ISNUMBER(C2:C5))
```

சதவீதம் எண்ணாக இருக்கும் வரிசைக்கு 1, மற்றதற்கு 0 என்று ISNUMBER பகுதி மாற்றித் தருகிறது. விடை மீண்டும் 68.5%. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வேறு இடத்திலிருந்து ஒட்டிய 60% எண்ணாக அல்லாமல் எழுத்தாக வந்து உட்கார்ந்திருந்தால், 130 பேர் உள்ள அந்தப் பிரிவே கணக்கிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடும், விடை 84.29% ஆகிவிடும். மேலே சொன்ன எல்லைச் சோதனைக்கு இது அகப்படாது. =COUNT(C2:C5) போட்டு, நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே வழி. வடிகட்டி மறைத்த வரிசைகளையும் SUMPRODUCT கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

AVERAGE எப்போதுமே தவறு என்று சொல்லவில்லை. மாணவர்களைப் பற்றிக் கேட்காமல், ஒரு பிரிவு பொதுவாக எவ்வளவு தேர்ச்சி காட்டுகிறது என்று பிரிவுகளைப் பற்றிக் கேட்டால், 78.33% சரியான விடையே. அப்போது அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘பிரிவுகளின் சராசரி’ என்று எழுதிவிடுங்கள். படிப்பவர் அதை மொத்தத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்.