கிருஷ்ணகிரிக்கு ரயிலில் வருகிறவருக்கு வழி எழுதி அனுப்புவது எப்படி

"கிருஷ்ணகிரி ஸ்டேஷனில் இறங்கிவிட்டு போன் பண்ணட்டுமா?" என்று எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்டுவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் ஸ்டேஷன் கிடையாது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து இங்கே ஒரு குறுகிய பாதை ரயில் வந்தது. சுதந்திரத்துக்கு முன்பே தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். 2004இல் தனி மாவட்டமான பிறகும் ஊருக்குள் ரயில் வரவில்லை. அதனால் இங்கே விருந்தாளிக்கு வழி எழுதுவது, ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் வீடு இருப்பவர் எழுதுவதைப் போல இரண்டு வரியில் முடியாது. ரயில், ஆட்டோ, பேருந்து, மறுபடியும் ஆட்டோ என்று நான்கு துண்டுகளை ஒட்ட வேண்டியிருக்கிறது.

போன மாம்பழ சீசனில் சென்னையிலிருந்து சித்தப்பா வந்தார். வயது 64, ஒரே பை, ஸ்மார்ட்போன் உண்டு, ஆனால் வாய்ஸ் மெசேஜ் கேட்கப் பிடிக்காது. அவருக்கு எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எந்த ஸ்டேஷன் என்று முடிவு செய்யுங்கள்

வருகிறவர் எங்கிருந்து கிளம்புகிறார் என்று கேட்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது. சென்னையிலிருந்து சேலம், கோவை பக்கம் போகும் வண்டி என்றால் திருப்பத்தூர். அங்கிருந்து கிருஷ்ணகிரி சுமார் 40 கிலோமீட்டர். திருப்பத்தூரில் நிற்காத வண்டியாக இருந்தால் அதற்கு முந்தைய ஜோலார்பேட்டையில் இறங்கலாம். தூரம் கொஞ்சம் கூடும்.

கோவை, ஈரோடு, சேலத்திலிருந்து வருகிறவர்களிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். பெங்களூரு போகும் வண்டிகளில் சில தருமபுரி, ஓசூர் வழியாகப் போகும். சில ஜோலார்பேட்டையைத் தொட்டுக் குப்பம் வழியாகப் போகும். முதல் வகை என்றால் தருமபுரியில் இறங்கச் சொல்லுங்கள், அங்கிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இரண்டாவது வகை என்றால் திருப்பத்தூரோ ஜோலார்பேட்டையோ, எது நிற்குமோ அது. பெங்களூருவிலிருந்தே வருகிறவருக்கு ரயிலே வேண்டாம் என்று எழுதிவிடுவேன். நேர்ப் பேருந்தில் 90 கிலோமீட்டர்தான், ரயிலைத் தேடினால் சுற்று.

ஸ்டேஷன் பெயரோடு அதன் குறியீட்டையும் எழுதுங்கள். திருப்பத்தூர் `TPT`, திருப்பதி `TPTY`. டிக்கெட் போடும் திரையில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். தருமபுரி `DPJ`, அதைத் தேடும்போது ஆந்திராவின் தர்மாவரம் வந்து குழப்பும், அதன் குறியீடு `DMM`. டிக்கெட் போட்டதும் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். சித்தப்பா அனுப்பிய படத்தில் `TPT`, வருகை 9.40 என்று இருந்தது. உங்கள் விருந்தாளியின் வண்டிக்கு நேரம் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதேதான்.

கடிகார நேரம் எழுதாதீர்கள்

நான் ஆரம்பத்தில் செய்த தப்பு இது. ஒரு நண்பருக்கு, "9.40க்கு இறங்குவாய், 10.15 பஸ்ஸைப் பிடி, 11.30க்கு இங்கே இருப்பாய்" என்று எழுதினேன். வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். அவர் இறங்கியபோது மணி பத்தரை. நான் எழுதியதில் ஒரு எண்கூட அவருக்கு உதவவில்லை. 10.15 போய்விட்டதே, இனி பஸ் உண்டா இல்லையா என்று பேருந்து நிலையத்தில் நின்று போன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த நேரம் பார்த்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரயில் எப்போது வந்து சேரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் நின்ற பிறகு எவ்வளவு நேரம் என்பது பெரிதாக மாறாது. அதனால் எல்லா நேரத்தையும் "வண்டி நின்றதிலிருந்து" என்று எண்ணுங்கள். சித்தப்பாவுக்கு நான் போட்ட கணக்கு இப்படி. பெட்டியிலிருந்து இறங்கி, நடைமேம்பாலம் ஏறி இறங்கி வெளியே வர 10 நிமிடம். ஆட்டோ பேசிப் பேருந்து நிலையம் போக 10. பேருந்துக்குக் காத்திருக்க 15. பயணம் 75. கிருஷ்ணகிரியில் இறங்கி வீடு வர 10. கூட்டினால் 120 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரம். வண்டி சரியாக 9.40க்கு வந்தால் 11.40க்கு வீட்டில். ஐம்பது நிமிடம் தாமதமானால் 12.30. எதையும் திருத்தி எழுத வேண்டியதில்லை, கூட்டிக்கொண்டால் போதும்.

இதில் புதியவர்கள் தவறவிடுவது அந்த 15 நிமிடக் காத்திருப்பைத்தான். மேப் 40 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டும். அது காருக்கு. பேருந்து ஊர் ஊராக நின்று ஏற்றி இறக்கி வரும், பர்கூரில் ஜவுளி மூட்டை ஏறினால் இன்னும் கொஞ்சம் நிற்கும். மேப் காட்டும் நேரத்தை அப்படியே எழுதினால் விருந்தாளி பர்கூரைத் தாண்டும்போதே, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று போன் வந்துவிடும்.

தூரத்தையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் வேறு வேலைக்காக. ஆட்டோக்காரரிடம் பேச அது உதவும். "இரண்டரை கிலோமீட்டர்தானே" என்று சொல்லத் தெரிந்தவரிடம் பேரம் வேறு மாதிரி போகும். கட்டணத்தை முந்தின நாள் நம்மூர் ஸ்டாண்டில் கேட்டு, கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள். குறைத்து எழுதிவிட்டால் வழியில் சண்டை போடப்போவது விருந்தாளிதான்.

இன்னொரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். வண்டி இரவு ஒன்பதரைக்கு மேல் வருகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பேருந்து குறைந்துவிடும், 15 நிமிடக் காத்திருப்பு எவ்வளவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது வழி எழுதுவதை விட்டுவிட்டு, வண்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விடுவது நல்லது.

இறங்கும் முன் ஒரு அடையாளம் கொடுங்கள்

திருப்பத்தூரில் பல வண்டிகள் இரண்டு நிமிடம்தான் நிற்கும். தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து பையை எடுப்பதற்குள் நகர்ந்துவிடும். இதற்கு ஒரு நல்ல வசதி, ஜோலார்பேட்டை பெரிய ஜங்ஷன். சென்னையிலிருந்து வரும்போது அதற்கு அடுத்ததுதான் திருப்பத்தூர், சுமார் எட்டு கிலோமீட்டர். ஆகவே, "ஜோலார்பேட்டை போர்டைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்" என்று எழுதினேன். ஏறும் இடத்தைவிட இறங்கும் இடத்துக்கு முந்தின ஊரின் பெயர் அதிக உபயோகம்.

பேருந்து உள்ளே போகுமா என்று கேட்கச் சொல்லுங்கள்

இது தருமபுரியிலிருந்து வருகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். பெங்களூரு போகும் தொலைதூரப் பேருந்துகளில் சில ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். கண்டக்டர் "கிருஷ்ணகிரி இறங்கு" என்று மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டால், புதிதாக வந்தவருக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று புரியாது. ஏறும்போதே, "கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா?" என்று கேட்கும்படி அந்த வாக்கியத்தையே எழுதிக் கொடுங்கள். அப்படியும் பைபாஸில் இறங்கிவிட்டால் எந்த மேம்பாலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். ராயக்கோட்டை மேம்பாலம் என்றால் எங்கள் வீட்டுக்கு அது இன்னும் பக்கம்தான்.

கடைசி ஒரு கிலோமீட்டர்

லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். அனுப்புங்கள், ஆனால் முதலில் நீங்களே அதைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டுக்கு மேப் பின்சந்து வழியாக வழி காட்டுகிறது. அங்கே காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கிறது, கேட் கிடையாது. ஒருமுறை விருந்தாளி சுவருக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தோம்.

அடையாளம் சொல்லும்போது ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மேல்நிலை நீர்த்தொட்டி தெரியும், சின்னப் பெயர்ப்பலகை தெரியாது. "பழைய அரிசி மண்டி இருந்த இடம்" உள்ளூர்க்காரருக்குத்தான். இடது, வலது சொல்லும்போது எந்தத் திசையில் போகும்போது என்பதையும் சேருங்கள். நான் வீட்டிலிருந்து வெளியே போகிற கண்ணோட்டத்தில் எழுதிவிட்டு, இடதுபக்கத்தை வலதுபக்கமாக்கியது உண்டு. இப்போது பேருந்து நிலையத்திலிருந்து வண்டியில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்குப் போன மெசேஜ்

ஒரே நீளமாக அனுப்பாமல் மூன்றாக அனுப்பினேன். பேருந்தில் இருக்கும்போது ரயில் சமாச்சாரத்தைத் தாண்டி விரலால் தேட வேண்டாம் அல்லவா?

முதல் மெசேஜ்: "சித்தப்பா, இறங்க வேண்டியது திருப்பத்தூர், டிக்கெட்டில் TPT. ஜோலார்பேட்டை வந்ததும் வாசலுக்கு வந்துவிடுங்கள், அடுத்தது நம் ஸ்டேஷன். வண்டி நின்றதிலிருந்து வீடு வர மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் இட்லி சாப்பிட்டால் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்."

இரண்டாவது: "வெளியே வந்து ஆட்டோவில் பஸ் ஸ்டாண்ட், 10 நிமிடம். கிருஷ்ணகிரி பஸ் கேளுங்கள். 15 நிமிடத்துக்குள் கிடைக்கும். பயணம் ஒன்றேகால் மணி நேரம், 40 கிலோமீட்டர். பர்கூர் தாண்டியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்."

மூன்றாவது: "பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவிடம் ராயக்கோட்டை ரோடு, தண்ணீர் டேங்க் என்று சொல்லுங்கள். இரண்டரை கிலோமீட்டர், 100 ரூபாய்க்கு மேல் வேண்டாம். டேங்க் உங்களுக்கு இடதுபக்கம் வரும். அதைத் தாண்டி முதல் வலது, மூன்றாவது வீடு, பச்சை கேட். மேப் பின்சந்துக்குக் கூப்பிடும், போகாதீர்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் படிக்கலாம், அழித்துவிடாதீர்கள்."

அனுப்பும் முன் பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொன்னேன். "முதல் வலது என்றால் அந்த மண் பாதையா, தார் ரோடா?" என்று கேட்டான். நான் மண் பாதையை வழியாகவே நினைத்திருக்கவில்லை. "முதல் வலது தார் ரோடு" என்று மாற்றினேன்.

அன்று வண்டி 25 நிமிடம் தாமதம். பர்கூரிலிருந்து மிஸ்டு கால் வந்தபோது அரிசி களைந்தேன். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வரவேண்டியவர் 12.15க்குக் கேட்டைத் திறந்தார். ஆட்டோவுக்கு 120 கொடுத்ததை மட்டும் சாப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.