வழிவிடு பலகை: மனப்பாடத்தைச் சோதிக்காமல், முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் வினாவை எழுதும் முறை

ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் "தலைகீழ் முக்கோணப் பலகை எதைக் குறிக்கிறது?" என்று கேட்டால், பலகைகளின் படங்களை மனப்பாடம் செய்த எவரும் சரியாக விடையளித்துவிடுவார். அந்தப் பலகையின் முன் வந்து நிற்கும்போது எந்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும், எப்போது புறப்படலாம் என்பது அவருக்குத் தெரியுமா என்பதை அந்த வினா நமக்குக் காட்டாது. அதே பலகையைக் கொண்டு, அதைக் காட்டக்கூடிய வினா ஒன்றை இங்கே படிப்படியாக எழுதுவோம்.

படி 1: விதியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

வழிவிடு பலகை உள்ள கிளைச்சாலையிலிருந்து வருபவர் முதன்மைச் சாலையில் வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். அங்கே வண்டி ஏதும் வராவிட்டால் அவர் நிற்காமலே நுழையலாம். எண்கோண வடிவிலான நிறுத்து பலகையோ, சாலை காலியாக இருந்தாலும் முழுமையாக நிற்கச் சொல்கிறது. முன்னுரிமை பற்றிய வினாக்களில் "யாருக்கு உரிமை?" என்று கேட்பதைவிட "யார் வழிவிட வேண்டும்?" என்று கேட்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. உரிமை என்ற சொல், எதிரே ஆபத்து தெரிந்தாலும் போகலாம் என்ற எண்ணத்தைப் புதியவர்களிடம் விதைத்துவிடுகிறது.

படி 2: விதி தெரிந்தவரும் செய்யும் தவறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்றுநர்களிடம் கேட்டால் இத்தகைய தவறுகள் எளிதில் கிடைக்கும். நாம் எடுத்துக்கொள்வது இது: முதன்மைச் சாலையில் வரும் காரின் இண்டிகேட்டர் எரிவதைக் கண்டதும், அது திரும்பிவிடும் என்று நம்பிப் புறப்படுவது.

படி 3: சூழலை அமையுங்கள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "நீங்கள் வழிவிடு பலகை அருகே இருக்கிறீர்கள். வலப்புறமிருந்து ஒரு கார் இண்டிகேட்டர் போட்டபடி வருகிறது. என்ன செய்வீர்கள்?" கார் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பவை இதில் இல்லை. கார் மிகத் தொலைவில் இருப்பதாக எண்ணிக்கொண்டு "புறப்படுவேன்" என்று சொல்பவரைத் தவறு என்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே திருத்துவோம்:

"வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்லும் ஊரில், கிளைச்சாலையில் வழிவிடு பலகை அருகே நின்று, இடப்புறம் திரும்பக் காத்திருக்கிறீர்கள். வலப்புறமிருந்து மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் காரின் இடது இண்டிகேட்டர் எரிகிறது. கார் இப்போது 40 மீட்டர் தொலைவில் உள்ளது. அதன் வேகம் இன்னும் குறையவில்லை."

அந்த வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும் என்பதால், அது மூன்று நொடிக்குள் சந்திப்பை அடைந்துவிடும். இந்தக் கணக்கை வினாவில் எழுத வேண்டியதில்லை. விடை ஒன்றுதான் என்பதை உறுதிசெய்துகொள்ள அது உங்களுக்குத் தேவை. சந்திப்பைச் சற்றுத் தாண்டி அதே பக்கத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் நுழைவாயில் இருப்பதைப் படத்தில் மட்டும் காட்டுங்கள். வாக்கியத்தில் எழுதினால் அதுவே விடைக்குத் துப்பாகிவிடும். படத்தில் இருந்தால், சாலையில் நடப்பதைப் போலவே, தேர்வரே அதைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

படி 4: விடைத் தெரிவுகள்

அ) இண்டிகேட்டர் எரிவதால் கார் இந்தச் சாலைக்குள்தான் திரும்பும், உடனே புறப்படலாம்.
ஆ) கார் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியதும் புறப்படலாம்.
இ) கார் இந்தச் சாலைக்குள் திரும்பத் தொடங்கும் வரை, அல்லது கடந்து செல்லும் வரை, காத்திருக்க வேண்டும்.
ஈ) ஹாரன் அடித்து எச்சரித்துவிட்டுப் புறப்படலாம்.

சரியான விடை இ. ஆனால் இந்த வினாவின் உயிர் ஆ-வில் இருக்கிறது. வேகம் குறைவது கார் பெட்ரோல் நிலையத்துக்குச் செல்வதாலும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தவர் மட்டுமே ஆ-வை விலக்குவார். ஈ-யை யாருமே தேர்ந்தெடுக்காமல் போகலாம். அவ்வாறானால் அது வெறும் இடநிரப்பி, மாற்றிவிடுங்கள். இ மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருப்பதையும் பாருங்கள். மிக நீளமான தெரிவே சரி என்று ஊகிப்பவர்கள் உண்டு. "அல்லது கடந்து செல்லும் வரை" என்பதை நீக்கினால், கார் திரும்பாமல் நேரே போகும்போது இ பொருந்தாது. அதனால் மற்றத் தெரிவுகளை ஏறத்தாழ அதே நீளத்துக்கு நீட்டிவிடலாம்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

முதலில் தெரிவுகளை மறைத்துவிட்டு, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சிலரிடம் சூழலை மட்டும் கொடுத்து விடை கேளுங்கள். அவர்கள் "அது எதைப் பொறுத்தது தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டால், சூழலில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பிறகு கற்றுக்கொள்பவர்களிடம் முழுத் தேர்வாகக் கொடுங்கள். மொத்தத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் இந்த வினாவில் தவறி, குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் சரியாக விடையளித்திருந்தால், தேர்வர்களைக் குறை சொல்லாமல் வினாவைத்தான் மறுபடி படிக்க வேண்டும். பெரும்பாலும் நுழைவாயில் படத்தில் தெளிவாகத் தெரியாமல் இருக்கும், அல்லது ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்கும்.

கார் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடும் திறனை இந்த வினா அளக்காது. தொலைவையும் வேகத்தையும் நாமே எண்ணாகக் கொடுத்துவிட்டோம். அந்தத் திறனைச் சாலையில் நடக்கும் செய்முறைத் தேர்வில்தான் பார்க்க முடியும்.